ஒரு மாதம், ஒரு பட்டியல், முப்பத்து நான்கு சலான்கள்

(கணக்குப் பணியாளர்க்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய உரை)



அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் நாள்தோறும் வந்து இறங்கும் பொருள்கள் சில உண்டு. பால், ரொட்டி, காய்கறி, முட்டை ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு நாள்தோறும் ஒரு விலைப்பட்டியல், நாள்தோறும் ஒரு ஒப்புதல், நாள்தோறும் ஒரு பட்டுவாடா என்று வைத்துக்கொண்டால் கணக்குப் பிரிவில் வேறு வேலை நடைபெறாது. எனவே மாதம் முழுவதும் வந்த பொருளுக்கு மாத முடிவில் ஒரே பட்டியல் பெறுவது வழக்கமாயிற்று. இந்த வழக்கம் நல்லதே. ஆனால் முப்பது நாள் நிகழ்ச்சிகளை ஒரே தொகையாகச் சுருக்கும்போது, அந்த முப்பது நாள்களில் ஒன்றை மட்டும் மீண்டும் பிரித்தெடுத்துப் பார்க்க இயலுமா என்பதே கேள்வி. இன்று உங்களிடம் பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் அலுவலகங்களில் ‘சலான்’ என்றவுடன் கருவூலத்தில் பணம் செலுத்தும் சீட்டே நினைவுக்கு வரும். இந்த உரையில் நான் சொல்லும் சலான் அதுவன்று. பொருளுடன் வண்டியில் வரும் டெலிவரி சலானையே குறிப்பிடுகிறேன். என்ன பொருள், எத்தனை, எந்த நாளில், யாருக்கு என்பதை அது சொல்லும். அதன் ஒரு படியைப் பொருளைப் பெறுபவர் வைத்துக்கொள்வார். இன்னொரு படியில் கையொப்பமிட்டு வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுப்பார். மூன்றாவது படி வழங்குபவரின் புத்தகத்திலேயே இருக்கும். பொருளின் விலை அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது பணம் கேட்கும் தாளன்று, பொருள் கைமாறியதற்குச் சாட்சி. பணம் கேட்பது பட்டியலின் வேலை. இந்த இரண்டு தாள்களுக்கும் இடையிலுள்ள முடிச்சு எங்கே அவிழ்கிறது என்பதைக் காண ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆயினும் இத்தகைய கணக்கை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு பொது மருத்துவமனையின் சமையற்கூடத்துக்கு ஒரு சிறிய அடுமனை நாள்தோறும் 120 பாக்கெட் ரொட்டி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த விலை பாக்கெட்டுக்கு 32 ரூபாய். ஜூன் மாதம் 30 நாள்களும் ரொட்டி வந்தது. அவற்றுள் 6, 20, 27 ஆகிய மூன்று தேதிகளில் நோயாளிகள் மிகுதியாயிருந்தமையால் மாலையில் மேலும் 20 பாக்கெட் கேட்டுப் பெற்றார்கள். அடுமனை இம்மருத்துவமனைக்கென்றே தனிச் சலான் புத்தகம் வைத்திருக்கிறது. ஜூன் முதல் தேதிக்குரிய சலான் எண் 412. முப்பதாம் தேதிக்குரியது 445. ஆக 34 எண்கள்.

ஜூலை மாதத் தொடக்கத்தில் அடுமனையிலிருந்து ஒரு பட்டியல் வருகிறது. அதில் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது: “ஜூன் மாதம் வழங்கிய ரொட்டி, சலான் எண் 412 முதல் 445 வரை, 3,780 பாக்கெட், விலை 32 வீதம் ரூ.1,20,960.” மருத்துவமனையின் இருப்புப் பதிவேட்டில் அம்மாதம் வரவு வைத்திருப்பதோ 3,642 பாக்கெட். அதன் மதிப்பு ரூ.1,16,544. வேறுபாடு 138 பாக்கெட், பணத்தில் 4,416 ரூபாய்.

கணக்குப் பிரிவு எழுத்தர் என்ன செய்வார்? பண்டகக் காப்பாளரைக் கேட்பார். காப்பாளர் தம் பதிவேடு சரி என்பார். அடுமனைக்காரர் தம் புத்தகம் சரி என்பார். இருவரும் நேர்மையானவர்களே. ஆனால் 138 என்ற எண் எந்த நாளையும் சுட்டவில்லை. நாள்தோறும் நான்கைந்து பாக்கெட் குறைந்து வந்ததா, ஒரே நாளில் ஒரு வண்டியே வராமற் போனதா, பதிவேட்டில் எழுத மறந்ததா என்று தொகையிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. பல அலுவலகங்களில் இத்தகைய தகராறு எப்படி முடியும் என்பது உங்களில் அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும். பாதியை வெட்டி மீதியை அனுமதிப்பார்கள். அப்படிச் செய்தால் எவருக்கேனும் அநியாயம் நேர்ந்தது உறுதி. யாருக்கு என்பது மட்டும் தெரியாது.

இப்போது அதே பட்டியலைச் சலான் வாரியாக எழுதச் செய்வோம். ஒரு சலானுக்கு ஒரு வரி. தேதி, சலான் எண், அனுப்பிய எண்ணிக்கை, ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை, விலை, தொகை என்று ஆறு கட்டங்கள் போதும். அத்துடன் இருப்புப் பதிவேட்டின் பக்க எண்ணுக்கு ஒரு காலிக் கட்டம் விட்டுவிட்டால், காப்பாளர் அதை நிரப்புவார். இவ்வாறு எழுதி, மருத்துவமனையின் கையிலுள்ள சலான்களோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டால் 31 வரிகள் அப்படியே பொருந்திவிடுகின்றன. மூன்று வரிகள் மட்டும் நிற்கின்றன.

முதலாவது, 9ஆம் தேதிக்குரிய 421ஆம் சலான். அன்று 120 பாக்கெட் வந்தது. 8 பாக்கெட் நசுங்கியிருந்தமையால் அதே வண்டியில் திருப்பி அனுப்பினார்கள். சலானிலும் அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். இரண்டாவது, 17ஆம் தேதிக்குரிய 430ஆம் சலான். எண்ணிப் பார்த்தபோது 110 தான் இருந்தது. அதுவும் சலானிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, 15ஆம் தேதிக்குரிய 427ஆம் சலான். இது மருத்துவமனையிடம் இல்லவே இல்லை. அடுமனையில் விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. அன்று காலை 427 என்று சலான் எழுதி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி பழுதாகி வாசலிலேயே நின்றுவிட்டது. ரொட்டியை இறக்கி, ஒரு மணி நேரம் கழித்து வேறு வண்டியில் 428 என்ற புதிய சலானுடன் அனுப்பினார்கள். 427ஐ ரத்து செய்து எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. மாத முடிவில் புத்தகத்தைக் கூட்டியவர் அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டார்.

8, 10, 120. மொத்தம் 138. தகராறு தீர்ந்தது. யாரும் ஏமாற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. அரை மணி நேர வேலை.

இந்த எடுத்துக்காட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது “412 முதல் 445 வரை” என்ற சொற்றொடரை. பார்வைக்கு அது எல்லாச் சலான்களையும் குறிப்பிட்டுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது எந்தச் சலானையும் குறிப்பிடவில்லை. இரண்டு எல்லைக் கற்களை நட்டு இடையிலுள்ள நிலத்தை அளக்காமல் விட்டது போன்றது அது. இடையில் ரத்தானது எது, திரும்பியது எது, குறைந்தது எது என்பதெல்லாம் ‘முதல் – வரை’ என்பதற்குள் மறைந்துவிடும். தொகுப்புப் பட்டியலில் வரம்பாக எண்ணிட்டு வரும் எதையும் ஏற்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ரத்தான சலானுக்கும் ஒரு வரி வேண்டும். ‘427 – ரத்து – 0’ என்று எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு 426க்குப் பின் 428 என்று எழுதினால், சரிபார்ப்பவர் ஒரு சலான் தொலைந்துவிட்டதென்று தேடிக்கொண்டிருப்பார். எண் வரிசையில் ஓட்டை இருக்கலாகாது. ஓட்டைக்குக் காரணம் இருந்தால் அந்தக் காரணம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

ஓர் ஐயம் எழலாம். எல்லா அடுமனைகளும் நமக்கென்று தனிப் புத்தகம் வைத்திருப்பதில்லையே என்று. உண்மைதான். ஒரே புத்தகத்திலிருந்து பத்து வாடிக்கையாளர்க்குச் சலான் கிழித்துக் கொடுப்பவர்களே மிகுதி. அப்போது நமக்கு வரும் எண்கள் 412, 419, 427 என்று தாவித் தாவி வரும். ஓட்டை இயல்பாகிவிடுவதால் ஓட்டையிலிருந்து எதையும் அறிய முடியாது. அந்நிலையில் நாம் நம்முடைய எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். வாயிலில் பொருள் இறங்கியவுடன் நம் வரவு வரிசை எண்ணைச் சலானின் இரு படிகளிலும் எழுதிவிட வேண்டும். பட்டியலில் வழங்குபவரின் சலான் எண்ணும் நம் வரவு எண்ணும் அருகருகே வர வேண்டும். வழங்குபவரின் வரிசை அவரது நலனைக் காக்கிறது. தாம் அனுப்பிய ஒன்றையும் பட்டியலில் விட்டுவிடவில்லை என்பதை அவருக்கு அது உறுதிப்படுத்தும். நம் வரிசை நம் நலனைக் காக்கிறது. ஒருவரின் வரிசையை நம்பி மற்றவர் சும்மா இருக்க முடியாது.

இனி, எந்த எண்ணிக்கைக்குப் பணம் என்ற கேள்வி. அனுப்பியதற்கன்று, ஏற்றுக்கொண்டதற்கே. இது சொல்லாமலே விளங்குவது போலத் தோன்றினாலும், பட்டியல்கள் பெரும்பாலும் அனுப்பிய எண்ணிக்கையிலிருந்தே தயாராகின்றன. காரணம் எளியது. வழங்குபவரின் புத்தகத்தில் இருக்கும் மூன்றாவது படியில் அனுப்பியது மட்டுமே எழுதப்பட்டிருக்கும். கையொப்பத்துடன் திரும்பி வந்த படியில்தான் ‘110 மட்டும்’ என்ற குறிப்பு இருக்கும். அந்தப் படி வண்டிக்காரரின் சட்டைப் பையில் இரண்டு நாள் இருந்து, பிறகு ஏதேனும் ஒரு கோப்பில் சேரும். எனவே கையொப்பமிட்டுத் திரும்பிய படியைக் கொண்டே பட்டியல் எழுதப்பட வேண்டும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே வழங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். கையொப்பமில்லாத சலானுக்குப் பட்டியலில் இடமில்லை என்ற ஒரே விதி 427ஐத் தானாகவே தடுத்திருக்கும்.

குறைந்த பத்துப் பாக்கெட்டை அடுமனை மறுநாள் கொண்டுவந்து ஈடுசெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 430ஆம் சலானில் ‘110’ என்று எழுதியதை அடித்து ‘120’ என்று திருத்தும் பழக்கம் உண்டு. இது தவறு. வேறொரு நாளில் வந்த பொருளை 17ஆம் தேதி வந்ததாகப் பதிவு செய்வதாகும் அது. அந்தப் பத்துக்கும் தனிச் சலான் வேண்டும். அதில் ‘430க்கு ஈடாக’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். 430 என்றென்றைக்கும் 110 ஆகவே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய சலானில் 120, புதிய சலானில் 10 என்று 130 பாக்கெட்டுக்குப் பணம் போய்விடும். இவ்வகைப் பிழை நேர்மையானவர்களிடையே நிகழ்வதாலேயே கண்டுபிடிக்கக் கடினமானது.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 208ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வரும் பொருளை எண்ணியும் அளந்தும் எடையிட்டும் பார்க்க வேண்டும், இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், உண்மையாகவே பெற்றுப் பதிவு செய்ததாகப் பண்டகப் பொறுப்பாளர் சான்றளிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. மாதப் பட்டியலின் பின்புறத்தில் ஒரே ஒரு சான்றை எழுதி 34 வரவுகளையும் அதில் அடக்குவது நடைமுறையில் வந்துவிட்டது. அது விதியின் எழுத்தை நிறைவேற்றலாம். ஆனால் 34 வரிகளுக்கும் பதிவேட்டின் பக்கம் குறிக்கப்பட்டிருந்தாலன்றி அந்தச் சான்று எதையும் சான்றளிக்கவில்லை என்பதே என் கருத்து.

இங்கே என் பணிக்காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு மாதப் பட்டியலில் பணம் பெற்ற சலான் ஒன்று, அடுத்த மாதப் பட்டியலோடு நகலாக இணைக்கப்பட்டு வந்தது. கத்தையில் அதுவும் ஒன்றாக இருந்ததால் எவரும் கவனிக்கவில்லை. தொகை அனுமதிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்துத் தணிக்கையில் அது வெளிப்பட்டபோது, ஒப்பந்தம் முடிந்திருந்தது. வைப்புத்தொகையும் திருப்பித் தரப்பட்டுவிட்டது. பண்டகக் காப்பாளராயிருந்தவர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். வராத பொருளுக்கு அவர் சான்றளித்தார் என்று விளக்கம் கேட்டார்கள். தொகை சிறியது. ஆனால் முப்பது ஆண்டுப் பணியின் முடிவில் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என் மேசைமுன் நின்றது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

அவரைக் காப்பாற்றியது ஒரு பென்சில். ஒவ்வொரு சலானும் தம் கையை விட்டுக் கணக்குப் பிரிவுக்குப் போகும்போது, அதன் வலது மேல் மூலையில் எந்த மாதப் பட்டியலோடு போகிறது என்று பென்சிலால் எழுதிவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. முதல் பட்டியலோடு இருந்த அசல் சலானில் அந்தக் குறிப்பு இருந்தது. இரண்டாவது பட்டியலோடு வந்த நகலில் இல்லை. ஆகவே அது வழங்குபவரிடமிருந்த படியிலிருந்து எடுத்த நகல், காப்பாளரின் கைவழி வராமல் நேரே பட்டியலோடு வந்தது என்பது நிலைநாட்டப்பட்டது. எந்த விதியும் அந்தப் பென்சில் குறிப்பைக் கேட்கவில்லை. அவராகவே செய்துவந்தார்.

அந்தப் பென்சில் குறிப்பையே நான் முறையாக்கச் சொல்கிறேன். பட்டியலில் சலான் எண் இருப்பது பாதி வேலை. சலானிலும் பட்டியல் எண் ஏற வேண்டும். பட்டியலை அனுமதித்தவுடன், அதிலுள்ள ஒவ்வொரு அசல் சலானிலும் ‘பட்டியல் எண் இன்னது, தேதி இன்னது, அனுமதிக்கப்பட்டது’ என்ற முத்திரை விழ வேண்டும். முத்திரை விழுந்த சலான் மறுபடியும் எந்தப் பட்டியலோடும் சேர முடியாது. நகலைக் கொண்டு பணம் அனுமதிப்பதே கூடாது. அசல் தொலைந்துவிட்டால், அந்த எண் முன்னர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை என்று தேடிப் பார்த்தோம் என்ற எழுத்துச் சான்றுடன்தான் நகலை ஏற்க வேண்டும்.

கணினியில் இவற்றைப் பதிவு செய்யும் அலுவலகங்களில் இந்தத் தேடல் நொடியில் முடியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சலான்கள் தனி அட்டவணையாக, சலானுக்கு ஒரு வரியாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும். வழங்குபவர், நிதியாண்டு, சலான் எண் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முறைக்கு மேல் ஏறாதபடி கணினியே மறுக்க வேண்டும். பல இடங்களில் பட்டியல் மட்டும் ஒரு வரியாக ஏறுகிறது. சலான் எண்கள் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் தொடர் வாக்கியமாகத் தட்டச்சு செய்யப்படுகின்றன. அந்தக் கட்டத்தில் ‘427’ என்று ஒருவர் எழுதுவார், ‘எண்.427’ என்று மற்றொருவர் எழுதுவார், ‘412–445’ என்று மூன்றாமவர் எழுதுவார். கணினிக்கு இம்மூன்றும் ஒன்றல்ல. காகிதத்தில் இருந்த ஓட்டை திரைக்கு மாறியதேயன்றி அடைபடவில்லை.

தணிக்கைக்குப் போகும் மாணவர்கள் இரு திசைகளிலும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டியலில் ஐந்து வரிகளை எடுத்து அவற்றுக்குரிய சலான்களையும் பதிவேட்டுப் பக்கங்களையும் தேடுவது ஒரு திசை. வராத பொருளுக்குப் பணம் கொடுத்திருந்தால் இதில் அகப்படும். பதிவேட்டில் ஐந்து வரவுகளை எடுத்து அவை எந்தப் பட்டியலில் ஏறின என்று தேடுவது மறு திசை. பொருள் வந்தும் பட்டியலில் ஏறாதவை இதில் அகப்படும். பெரும்பாலோர் முதல் திசையோடு நின்றுவிடுகிறார்கள்; அரசின் பணம் அதிகமாகப் போகவில்லை என்றால் போதும் என்ற எண்ணம். ஆனால் பட்டியலில் ஏறாமல் கிடக்கும் சலான் ஒருநாள் திரும்பி வரும். அதற்குள் விலை மாறியிருக்கும், அலுவலர் மாறியிருப்பார், நிதி ஒதுக்கீடும் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு மாத முடிவிலும் ‘பட்டியலில் ஏறாத சலான்கள்’ என்று ஒரு சிறு பட்டியை எடுத்துவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த மாதப் பட்டியலில் ‘முன்மாதச் சலான்’ என்ற தலைப்பில் அவற்றைத் தனியே காட்டிவிடலாம்.

வரிச் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் எடுத்துக்காட்டில் ரொட்டியை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண ரொட்டிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு. ஆகவே அடுமனை தருவது வரிப் பட்டியலன்று, வழங்கல் பட்டியல் எனப்படுவது. அதே அடுமனை பிஸ்கட்டும் அனுப்பினால் நிலைமை மாறுகிறது. அது வரிக்கு உட்பட்ட பொருள். பொதுவான விதிப்படி வரிக்குட்பட்ட பொருளை அனுப்பும் நேரத்திலோ அதற்கு முன்னரோ வரிப் பட்டியல் எழுதப்பட வேண்டும். சலானை மட்டும் அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் பட்டியல் என்பது எல்லா இடத்திலும் செல்லாது. ஆனால் 2017ஆம் ஆண்டு மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில் ‘தொடர் வழங்கல்’ என்று ஒரு வகை உண்டு. ஒப்பந்தத்தின் கீழ்த் தொடர்ச்சியாகவோ திரும்பத் திரும்பவோ வழங்கி, குறித்த கால இடைவெளியில் பட்டியல் எழுதும் வகை அது. கணக்கறிக்கை அனுப்பும்போதோ பணம் பெறும்போதோ அல்லது அதற்கு முன்போ பட்டியல் எழுதினால் போதுமென்று 31ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இந்த வழியில் போக விரும்பினால் மாதந்தோறும் கணக்கறிக்கை என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப் பழக்கத்தால் மாதப் பட்டியல் வாங்கிவிட்டுப் பின்னர் இந்தப் பிரிவைக் காட்டுவது சிக்கலில் முடியும்.

இறுதியாக, காலக்கணக்கு. மாதப் பட்டியல் முறையில் அலுவலகங்கள் அறியாமலே செய்யும் பெரிய பிழை இதில்தான் இருக்கிறது. பட்டியல் வந்த நாளிலிருந்து நாள்களை எண்ணுகிறோம். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளர் ஒருவர் பொருள் வழங்கினால், ஒப்பந்தத்தில் எழுதிய கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டலாகாது. எழுத்தில் கெடு இல்லாவிட்டால் 15 நாள். இந்த நாள்கள் தொடங்குவது பொருளை ஏற்ற நாளிலிருந்து. ஏற்ற நாள் என்பது சாதாரணமாகப் பொருள் வந்து இறங்கிய நாள். பட்டியல் தேதிக்கு இதில் இடமே இல்லை.

நம் அடுமனை அத்தகைய சிறு நிறுவனம் என்று கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் 45 நாள் என்று எழுதியிருக்கிறது. ஜூன் முதல் தேதி வந்த 412ஆம் சலானுக்கு ஜூலை 16க்குள் பணம் போக வேண்டும். முப்பதாம் தேதிக்குரிய 445க்கு ஆகஸ்ட் 14 வரை கெடு உண்டு. ‘பட்டியல் வந்து முப்பது நாளுக்குள்’ என்ற அலுவலக வழக்கப்படி ஜூலை 31 அன்று மொத்தமாகப் பணம் கொடுத்தால், ஜூன் 16 முதல் வந்த ரொட்டிக்குக் கெடு தப்பவில்லை. அதற்கு முன் வந்த பதினைந்து நாள் ரொட்டிக்கும் கெடு கடந்துவிட்டது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. எந்தெந்தச் சலானுக்கு எத்தனை நாள் தாமதம் என்று கணக்கிடச் சலான் வாரியான பட்டியல் இல்லாவிட்டால் இரு தரப்பாராலும் முடியாது.

இதே சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பொருளை ஏற்பதில் ஆட்சேபணை இருந்தால், பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். மாத முடிவில் பட்டியலைப் பார்த்துவிட்டு “3ஆம் தேதி வந்த ரொட்டி பூசணம் பூத்திருந்தது” என்று எழுதினால் காலம் கடந்த பேச்சு அது. 421ஆம் சலானில் ‘8 நசுங்கல், திருப்பப்பட்டது’ என்று அந்த நிமிடமே எழுதி இரு தரப்பாரும் கையொப்பமிட்டது ஏன் மதிப்புடையது என்பது இப்போது விளங்கும். மாதப் பட்டியல் பணத்தைத் தொகுக்கலாம். சரிபார்ப்பைத் தொகுக்க முடியாது. அது அன்றன்று வாயிலில் நடக்க வேண்டியது.

எனவே இத்தகைய சிறு வழங்குநர்களிடம் நாள்தோறும் பொருள் வாங்கும் அலுவலகங்களுக்கு நான் சொல்வது, மாதம் இருமுறை பட்டியல் பெறுங்கள் என்பதே. ஜூன் 1 முதல் 15 வரை உள்ள சலான்களுக்கு 16ஆம் தேதி ஒரு பட்டியல், மீதிக்கு ஜூலை முதல் தேதி ஒரு பட்டியல். முதல் பட்டியலை அனுமதிக்க அப்போது ஒரு மாத கால அவகாசம் கிடைக்கும். மாதம் ஒன்றுதான் முடியும் என்றால், பட்டியல் வந்த நாளை மறந்துவிட்டு அதன் முதல் வரியிலுள்ள சலானின் தேதியைப் பட்டியலின் மேல் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது ஜூன் 1. பட்டியல் ஜூலை 3 அன்று வந்து சேர்ந்தால், 427ஐக் கண்டுபிடித்து நீக்கவும், 421, 430 ஆகியவற்றைத் திருத்தவும், ரூ.1,16,544க்கு ஆணை பிறப்பிக்கவும் உங்களுக்கு இருப்பது பதின்மூன்று நாள்.